ஒரு பாராட்டு, ஒரு சின்ன வேலை

இரண்டாம் வகுப்பில் "சந்தைக்குப் போன நாள்" என்று தலைப்புக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னால், ஏழு வயதுக் குழந்தை கிட்டத்தட்ட இப்படி எழுதும்:

"ஒரு நாள் நானும் பாட்டியும் சந்தைக்கு போனோம். அங்க ஒரு ஆட்டுகுட்டி இருந்துச்சு. அது பாட்டி சேலைய கடிச்சு இழுத்துச்சு. பாட்டி போடா போடானு சொன்னாங்க. அது போகல. அப்பறம் ஆட்டுகுட்டி கானாம போச்சு. அப்பறம் நாங்க தேடினோம். அப்பறம் கிடச்சிது. அப்பறம் வீட்டுக்கு வந்தோம். அப்பறம் தூங்கினோம்."

எழுதியவள் பெயர் கயல் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் அவளுடைய டீச்சர் என்ன எழுத வேண்டும்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. கேள்வி சின்னதுதான். ஆனால் கயல் அடுத்த கதையை ஆசையோடு எழுதுவாளா, பயந்து பயந்து எழுதுவாளா என்பதில் இந்த இரண்டு வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். முதலாவது, சிவப்புப் பேனா. "சந்தைக்குப்" என்பதில் ஒற்று இல்லை; "காணாமல்" என்பதில் தவறான ன; "ஆட்டுக்குட்டி" இரண்டு இடத்திலும் தப்பு; "இருந்துச்சு", "இழுத்துச்சு", "போச்சு" எல்லாம் பேச்சு வழக்கு. ஒழுங்காகத் திருத்தினால் பத்து வாக்கியத்தில் ஏறக்குறைய இருபது இடத்தில் கோடு விழும். இரண்டாவது, பக்கத்தின் அடியில் "நன்று" என்று ஒரு சொல், அல்லது ஒரு நட்சத்திரம். இவற்றில் எதைப் பார்த்தாலும் அடுத்து என்ன செய்வது என்று கயலுக்குத் தெரியாது. இருபது திருத்தத்தில் எது முக்கியம் என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியாது. "நன்று" எதற்குக் கிடைத்தது என்றும் புரியாது. கையெழுத்துக்கா, பக்கம் நிரம்பியதற்கா, ஆட்டுக்குட்டிக்கா?

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் இதற்கு ஒரு எளிய முறை பரவலாக இருக்கிறது. குழந்தையின் எழுத்தில் பிடித்த இரண்டு விஷயங்களுக்கு இரண்டு நட்சத்திரம், அடுத்துச் செய்ய ஒரு விருப்பம். ஏழு வயதுக்கு அதையும் சுருக்கி ஒரு பாராட்டு, ஒரு சின்ன இலக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். இந்த வயதில் எழுத்தை வடிவமாக எழுதுவதே பாதி உழைப்பைத் தின்றுவிடும். எந்த ன என்று யோசிக்கிற அதே நேரத்தில் அடுத்து என்ன நடந்தது என்பதையும் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு புது விஷயத்தைச் சுமக்கத்தான் இடம் இருக்கும். இரண்டைக் கொடுத்தால் இரண்டுமே கீழே விழும்.

முதலில் பாராட்டு. கயலின் கதையில் எதைப் பாராட்டுவது? எனக்குப் பட்டவரை இந்தக் கதையின் உயிர் மூன்றாம் வாக்கியத்தில் இருக்கிறது: ஆட்டுக்குட்டி பாட்டியின் சேலையைக் கடித்து இழுத்தது. அவள் அதை நேரில் பார்த்திருக்க வேண்டும். படிக்கிற நமக்கும் தெரிகிறது. பாட்டி "போடா போடா" என்று சொல்வதும் நல்ல இடம்தான். அதையும் சேர்த்துப் பாராட்டத் தோன்றும். ஆனால் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒன்றை அவள் விரல் வைத்துக் காட்ட முடிகிற மாதிரிச் சொல்ல வேண்டும். "கதை அருமை" என்றால் அவளால் எங்கேயும் விரல் வைக்க முடியாது. "ஆட்டுக்குட்டி சேலையைக் கடித்து இழுத்தது. எனக்கு அது கண்ணில் தெரிந்தது" என்றால் மூன்றாம் வரியில் விரல் வைப்பாள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரமும் போட்டுவிட்டால், நட்சத்திரம் பக்கத்தின் அடியில் பரிசாக நிற்காமல் வேலை நடந்த இடத்தைக் காட்டும்.

"நீ கெட்டிக்காரி", "நீ பெரிய எழுத்தாளர் ஆவாய்" என்பவையும் பாராட்டுத்தானே என்று கேட்கலாம். அன்போடு சொல்வதுதான். ஆனால் அவை கயலைப் பற்றிப் பேசுகின்றன, அவள் செய்ததைப் பற்றிப் பேசவில்லை. அமெரிக்காவில் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு வேலையை நன்றாகச் செய்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து ஒரு கடினமான வேலையில் எல்லோரும் தடுமாறியபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள்தான் சீக்கிரம் ஆர்வம் இழந்தார்கள். அந்தக் குழந்தைகள் கயலைவிட மூத்தவர்கள். வேலையும் கதை எழுதுவது அல்ல. ஆனாலும் சிறு வகுப்பில் பாடம் எடுத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கெட்டிக்காரி என்ற பெயர் கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்றத் தோன்றும். காப்பாற்றச் சுலபமான வழி, தெரிந்த சொற்களை மட்டும் வைத்துத் தெரிந்த கதையையே திரும்ப எழுதுவது.

அடுத்தது இலக்கு. சிரமமான பகுதி இதுதான். கயலின் கதையில் இலக்காக எடுக்கக்கூடியவை குறைந்தது ஐந்து: ஒற்றுப் பிழை, ன-ண குழப்பம், பேச்சு வழக்கு, ஐந்து "அப்பறம்", தூங்குவதில் முடிகிற கடைசி வரி. ஆறாவதாக ஒன்றும் இருக்கிறது. அது பிழை இல்லை, ஒரு ஓட்டை. "அப்பறம் நாங்க தேடினோம். அப்பறம் கிடச்சிது." ஆட்டுக்குட்டி காணாமல் போய்த் தேடிக் கண்டுபிடித்ததுதான் கதையிலேயே பெரிய சம்பவம். அது இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. எங்கே கிடைத்தது? அங்கே அது என்ன செய்துகொண்டிருந்தது?

நான் இந்த ஆறாவதைத்தான் எடுப்பேன். காரணம், கயல் இதே வேலையை ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறாள். மூன்றாம் வரியில் ஆட்டுக்குட்டி என்ன செய்தது என்று காட்டினாள்; எட்டாம் வரியில் காட்டவில்லை. அதனால் பாராட்டும் இலக்கும் ஒரே திறமையின் இரண்டு பக்கமாகிவிடுகின்றன. "இங்கே செய்தாய் பார், அதையே இங்கேயும் செய்" என்று சொல்கிறோம். தெரியாததைத் திணிக்கவில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பாராட்டு ஒரு பக்கமும் இலக்கு வேறு பக்கமும் இழுத்தால், உதாரணமாக ஆட்டுக்குட்டியைப் பாராட்டிவிட்டு ஒற்றுப் பிழையைத் திருத்தச் சொன்னால், குழந்தை பாராட்டை மருந்துக்கு முன் கொடுக்கும் சர்க்கரையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இதே காரணத்தால் நடுவில் "ஆனால்" என்ற சொல் வரக்கூடாது. "ஆட்டுக்குட்டியைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால்..." என்று தொடங்கினால் குழந்தை "ஆனால்" வரைக்கும் கேட்டதை மறந்துவிடும். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதினால் போதும்.

இலக்கை எப்படிச் சொல்வது? கற்றல் மதிப்பீட்டைப் பற்றி இங்கிலாந்தில் நெடுநாளாக எழுதிவரும் ஷெர்லி கிளார்க், குழந்தைக்கு அடுத்த அடியைக் காட்டும் குறிப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்: நினைவூட்டுவது, கைகொடுப்பது, எடுத்துக்காட்டுவது. கயலின் கதைக்கு மூன்றையும் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

நினைவூட்டல்: "ஆட்டுக்குட்டி கிடைத்ததைப் பற்றி இன்னும் சொல்."

கைகொடுத்தல்: "ஆட்டுக்குட்டி கிடைத்தபோது அது என்ன செய்தது? ஆட்டுக்குட்டி ______க்குக் கீழே ______."

எடுத்துக்காட்டு: "ஆட்டுக்குட்டி வண்டிக்கு அடியில் தூங்கியது. ஆட்டுக்குட்டி கீரைக் கட்டைத் தின்றது. இதில் ஒன்றை எடுத்துக்கொள், இல்லாவிட்டால் நீயே ஒன்று சொல்."

முதலாவது பெரியவர்களுக்கும் தயக்கமில்லாமல் எழுதும் குழந்தைகளுக்கும் போதும். "இன்னும் சொல்" என்றால் என்ன சொல்வது என்று கயலுக்குத் தெரிந்திருந்தால் முதலிலேயே எழுதியிருப்பாள். மூன்றாவது, எழுதவே தயங்குகிற குழந்தைக்கு நல்லது. அதில் ஒரு ஆபத்தும் உண்டு. பல குழந்தைகள் டீச்சர் கொடுத்த வாக்கியத்தையே பார்த்து எழுதிவிடுவார்கள். கயலுக்கு நடுவில் உள்ளது பொருந்தும், அதுவும் கேள்வி மட்டும் போதும். கோடிட்ட இடம் தேவைப்படாது.

ஆக, பக்கத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"ஆட்டுக்குட்டி சேலையைக் கடித்து இழுத்தது. எனக்கு அது கண்ணில் தெரிந்தது.
காணாமல் போன ஆட்டுக்குட்டி கிடைத்தபோது என்ன செய்தது? ஒரு வரி எழுது."

"ஒரு வரி" என்று அளவு சொன்னது முக்கியம். எப்போது வேலை முடியும் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். "விரிவாக எழுதவும்", "பிழையின்றி எழுதுக", "கையெழுத்தைத் திருத்திக்கொள்" என்பவை முடிவே இல்லாத வேலைகள். ஏழு வயதில் அவற்றைச் செய்து முடித்தேன் என்று எந்தக் குழந்தையாலும் சொல்ல முடியாது. ஒரு இலக்கு போதுமான அளவு சின்னதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: ஐந்து நிமிடத்தில், இதே பக்கத்தில், யாரையும் கேட்காமல் இந்தக் குழந்தை இதைச் செய்து முடிக்குமா? முடிக்காது என்று தோன்றினால் இலக்கை இன்னும் பாதியாக்க வேண்டும்.

அந்தக் குறிப்பை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "காணாமல்", "ஆட்டுக்குட்டி", "கிடைத்தபோது" ஆகிய சொற்கள் சரியான எழுத்தோடு அதில் வந்துவிட்டன. கயல் தப்பாக எழுதிய சொற்களைத் திருத்தாமல், டீச்சர் தன் வாக்கியத்தில் சரியாகப் பயன்படுத்திவிட்டார். பதில் எழுதும்போது கயலுக்கு "ஆட்டுக்குட்டி" என்ற சொல் வேண்டியிருக்கும். மேலே பார்த்து எழுதுவாள். எல்லாக் குழந்தையும் இதைக் கவனிக்கும் என்று சொல்ல முடியாது. கவனிக்கிற குழந்தைக்குக் கோடு இல்லாமலே திருத்தம் கிடைத்துவிடும்.

குறிப்பில் சொற்கள் குட்டையாக இருப்பதும் தற்செயல் இல்லை. தமிழில் வினைச்சொல் ஒட்டிக்கொண்டே நீளும். "எழுதியிருக்கிறாய்" என்பதில் மட்டும் ஒன்பது எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை அந்தச் சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் வாக்கியத்தின் தொடக்கத்தை விட்டுவிடும். "கண்ணில் தெரிந்தது", "ஒரு வரி எழுது" போன்றவற்றை அதனால் படிக்க முடியும். டீச்சரின் கூட்டெழுத்தும் இங்கே தடைதான். ஒவ்வொரு எழுத்தும் கரும்பலகையில் எழுதுவது போலத் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

அப்படியும் படிக்க முடியாத குழந்தைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்குப் பேச்சுத்தான் குறிப்பு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் சிறு குழந்தைகள் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து 1983-இல் புத்தகமாக எழுதிய டொனால்ட் கிரேவ்ஸ், குழந்தையோடு ஓரிரு நிமிடம் பேசுவதையே கற்பித்தலின் மையமாக வைத்தார். எழுத்தைத் திருத்துவதற்கு முன் குழந்தை என்ன சொல்ல வருகிறது என்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. நம் வகுப்பறையில் அது இப்படி இருக்கும்:

"கயலு, இங்க வா கண்ணு. சேலைய கடிச்சு இழுத்துச்சுன்னு எழுதியிருக்கல்ல, அது எனக்கு அப்படியே தெரிஞ்சுச்சு."

"ஆமா டீச்சர், கிழிஞ்சே போச்சு."

"அய்யய்யோ! சரி, காணாம போச்சே, அப்பறம் எங்க கிடச்சுது?"

"தக்காளிக் கடைக்குக் கீழ டீச்சர். உக்காந்து வெண்டக்கா தின்னுட்டு இருந்துச்சு. கடக்கார அண்ணன் பாக்கவே இல்ல!"

"இப்ப சொன்னியே, அத இந்த அம்புக்குறி இருக்கற எடத்துல எழுதுறியா?"

கதை முழுக்க அவளிடம் இருக்கிறது. தாளில்தான் இல்லை. வாயால் சொல்லிவிட்ட வாக்கியத்தை எழுதுவது இந்த வயதில் எவ்வளவோ சுலபம். யோசிக்கிற வேலை முடிந்துவிட்டது, எழுதுவது மட்டும்தான் பாக்கி. "கிழிஞ்சே போச்சு" என்பதையும் எழுதச் சொல்ல ஆசை வரும். டீச்சர் அதை விட்டுவிட்டது சரி. ஒரு வரி என்றால் ஒரு வரிதான்.

எழுத இடமும் நேரமும் வேண்டும். இதைச் செய்யாததால்தான் பல நல்ல குறிப்புகள் வீணாகின்றன. குழந்தை வாசித்துவிட்டு நோட்டை மூடிவிட்டால் குறிப்பு எழுதியும் பயனில்லை. நோட்டில் வலது பக்கத்தில் மட்டும் கதை எழுதி இடது பக்கத்தைக் காலியாக விடுவது நல்ல பழக்கம். "கிடச்சிது" என்ற இடத்திலிருந்து ஒரு அம்புக்குறி இடது பக்கம் போகும், அங்கே புது வரி வரும். மறுநாள் காலையில் நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் பத்து நிமிடம் எல்லோரும் தங்கள் அம்புக்குறிக்குப் பதில் எழுதலாம். முழுக் கதையையும் அழகாகத் திரும்ப எழுதச் சொல்ல வேண்டாம். இந்த வயதில் அது தண்டனையாகத்தான் தெரியும். அதோடு, இன்னொரு தடவை எழுதவேண்டி வரும் என்று தெரிந்த குழந்தை அடுத்த முறை கதையைச் சுருக்கிவிடும்.

கயலின் இடது பக்கத்தில் இப்படி வரலாம்: "ஆட்டுக்குட்டி தக்காளி கடைக்கு கீழ வெண்டக்கா தின்னுச்சு. கடக்கார அண்ணன் பாக்கல." ஒரு வரி கேட்டோம், இரண்டு வந்திருக்கிறது. "ஆட்டுக்குட்டி" சரியாகிவிட்டது. "தக்காளிக் கடைக்கு" என்பதில் ஒற்று இன்னும் இல்லை. "தின்னுச்சு" பேச்சு வழக்குத்தான். பரவாயில்லை.

பரவாயில்லை என்று சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வரும். நோட்டைத் திறந்து பார்க்கிற அப்பாவுக்கு முதலில் கண்ணில் படுவது திருத்தப்படாத பிழைகள். "டீச்சர் ஒழுங்கா பாக்கறதில்ல" என்று தோன்றுவது இயல்பு. அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. பிழையை விட்டுக்கொண்டே போனால் அது பழகிவிடும். அதனால் பிழைக்கு வேறு நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு வாரக் கதைகளைப் படிக்கும்போது பலரும் செய்கிற ஒரு பிழையை டீச்சர் குறித்துக்கொள்ளலாம். "ஆட்டுகுட்டி", "நாய்குட்டி", "பூனைகுட்டி" என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் அடுத்த நாள் மொழிப்பாடமே "க்" போட்டுக் "குட்டி" எழுதுவதுதான். அங்கே எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பார்த்துப் பத்துச் சொல் எழுதினால் அது நிற்கும். கதைப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு அதைச் சாதிக்க முடியாது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தடவை விளக்கிவிட்டால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்வார்கள்.

எல்லாப் பிழையையும் கதையிலேயே திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அறிகுறி இருக்கிறது. கதைகள் குட்டையாகும்; சொற்கள் பாதுகாப்பான சொற்களாக மாறும். "கொறித்தது" என்பதில் ர-வா ற-வா என்று சந்தேகம் வந்தால் "தின்றது" என்று எழுதிவிட்டுப் போவாள். "காணாமல்" தப்பாகும் என்று பயந்தால் ஆட்டுக்குட்டி காணாமலே போகாது. பிழை குறைந்த, சம்பவமே இல்லாத கதை கிடைக்கும். ஒரு குழந்தையின் மூன்று மாதக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

பேச்சு வழக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்க் குழந்தைக்கு இது பெரிய தாண்டல். வீட்டில் பேசுகிற தமிழும் புத்தகத்தில் உள்ள தமிழும் வேறு. பாத்திரம் பேசும் இடத்தில் பேச்சு வழக்கு இருக்கத்தான் வேண்டும். பாட்டியின் "போடா போடா"வைத் திருத்தினால் பாட்டி செத்துப்போவார். கதை சொல்லும் வரிகளில் மெல்ல எழுத்து வழக்குக்குக் கொண்டு வரலாம். அதுவும் ஒரு முறைக்கு ஒரு சொல்: "இருந்துச்சு என்பதை இருந்தது என்று எழுது. இந்தப் பக்கத்தில் எத்தனை இருக்கிறது என்று தேடு." தேடுவது விளையாட்டாக இருக்கும். மொத்தப் பக்கத்தையும் எழுத்து வழக்குக்கு மாற்றச் சொன்னால் அது வேறொரு மொழிக்கு மாற்றச் சொல்வதைப் போன்ற பாரம்.

இதுவரை பார்த்தது கயலுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் "நாய் வந்தது. நான் ஓடினேன்." என்று இரண்டு வரி எழுதிவிட்டுக் கீழே பெரிய படம் போட்டிருப்பான். படத்தில் அவன் மரத்தின் மேல் இருப்பான். தமிழ்நாட்டு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கியதிலிருந்து முதல் மூன்று வகுப்புகளில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரிக்கப்படுகிறார்கள். எனவே ஒரே வகுப்பில் இப்படிப்பட்ட வித்தியாசம் இருக்கும் என்பதை அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பையனுக்குப் பாராட்டு: "நாய் வந்ததும் நீ ஓடினாய். எனக்கும் பயமாக இருந்தது." இலக்கு: "படத்தில் நீ மரத்தில் இருக்கிறாய். அதையும் எழுது." எழுத வேண்டிய வாக்கியம் படத்திலேயே இருக்கிறது. அவன் "நான் மரத்தில ஏரினேன்" என்று எழுதினால் அன்றைக்கு அது முழு வெற்றி.

இன்னொரு பெண் இரண்டு பக்கம் எழுதியிருப்பாள். ராஜா, அரக்கன், சண்டை, கல்யாணம் எல்லாம் இருக்கும், பிழையே இருக்காது. இவளுக்குத்தான் "வெரி குட்" மட்டுமே கிடைத்து வேறெதுவும் கிடைக்காமல் போகும். "அரக்கன் பயந்துவிட்டான்" என்று எழுதியிருந்தால், பயந்தபோது அவன் கை என்ன செய்தது, கால் என்ன செய்தது என்று ஒரு வரி கேட்கலாம். நன்றாக எழுதும் குழந்தைக்கும் அடுத்த அடி வேண்டும்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு யோசித்துக் குறிப்பு எழுதிவிட்டு, பக்கத்தில் பத்துக்கு ஏழு என்று போட்டுவிட்டால் வேலை கெட்டுவிடும். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதியினருக்குக் குறிப்பு மட்டும், இன்னொரு பகுதியினருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களிடம் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போன்ற நிலைதான். எண்ணைப் பார்த்தவுடன் கண் பக்கத்து நோட்டுக்குப் போய்விடுகிறது.

நேரத்துக்கு எங்கே போவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நாற்பது குழந்தை, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம். எல்லா நோட்டையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் கடைசிப் பத்து நோட்டுக்கும் "நன்று"தான் விழும். நாளைக்கு எட்டு நோட்டு என்று பிரித்தால் ஐந்து நாளில் எல்லோருக்கும் ஒரு முறை வரும். மற்ற நாட்களில் கதையைப் படித்ததற்கு ஒரு டிக் போதும். குறிப்பு நீளமாக இருந்தால்தான் ஆசிரியர் உழைக்கிறார் என்று அதிகாரிகள் நினைத்தால் என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்து அனுபவித்துப் பார்த்தது. டீச்சர் குறிப்பு எழுத, குழந்தை பதில் எழுத, அதற்கு டீச்சர் மறுபடி பதில் எழுத என்று போய், ஆசிரியர்களின் மாலை நேரமெல்லாம் அதிலேயே கரைந்தது. 2016-இல் அரசு அமைத்த குழு ஒன்று அதைத் தேவையற்ற சுமை என்று சொல்லி, நோட்டுத் திருத்துவது பொருளுள்ளதாகவும் சமாளிக்கக்கூடியதாகவும் ஊக்கம் தருவதாகவும் இருக்க வேண்டும் என்றது. குழந்தைக்காக எழுதுகிறோமா, மேற்பார்வையிட வருபவருக்காக எழுதுகிறோமா என்று அவ்வப்போது கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு சிக்கல் மெதுவாகத்தான் தெரியும். பாராட்டிய விஷயத்தைக் குழந்தை எல்லாக் கதையிலும் செய்யத் தொடங்கும். பாட்டி பேசியதைப் பாராட்டினால் அடுத்த நான்கு கதையிலும் எல்லோரும் "போடா போடா" என்பார்கள். பயப்பட வேண்டாம், அது பழகுகிற வழி. ஆனால் அதையே மறுபடி மறுபடி பாராட்டக்கூடாது. கதையில் வேறு எங்காவது புதிதாக ஒன்று நடந்திருக்கும், நட்சத்திரத்தை அங்கே கொண்டு போக வேண்டும்.

இலக்கு நிறைவேறியதா என்பதற்கு அம்புக்குறியின் பதில் சாட்சி ஆகாது. அது டீச்சர் கேட்டதற்குச் சொன்ன பதில். அடுத்த கதையில், யாரும் கேட்காதபோது, கயல் "பந்து கிடைத்தது" என்பதோடு நிறுத்தாமல் அது யாருடைய செருப்புக்குள் கிடந்தது என்று எழுதினால் இலக்கு முடிந்தது. அதற்காக நோட்டின் பின்அட்டை உள்பக்கத்தில் இலக்கை ஒரு வரியில் குறித்து வைக்கலாம்: "கிடைத்தபோது என்ன செய்தது." இரண்டு கதையில் தானாக வந்துவிட்டால் அதன் மேல் ஒரு டிக். வராவிட்டால் புது இலக்கு வேண்டாம், அதே இலக்கு இன்னொரு சம்பவத்தில் தொடரட்டும். மூன்று கதை போயும் வராவிட்டால் இலக்கு பெரிதாக இருக்கிறது அல்லது குழந்தைக்குப் புரியவில்லை என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது இலக்கை.

டிக் விழுந்த பிறகு கயலுக்கு அடுத்து எதைக் கொடுக்கலாம்? நான் "அப்பறம்" என்பதை எடுப்பேன். "அப்பறம் என்று எழுதாதே" என்று தடை போட்டால் "பிறகு", "அதன் பிறகு" என்று வேறு பெயரில் அதுவே வரும். ஆகவே அவளையே கதையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு "அப்பறம்" வரும்போதும் அதை விரலால் மூடிக்கொண்டு மீதியைப் படிக்கச் சொல்லலாம். "அப்பறம் நாங்க தேடினோம்" என்பதில் மூடினால் "நாங்க தேடினோம்" தானாகவே நிற்கிறது. "அப்பறம் ஆட்டுக்குட்டி காணாம போச்சு" என்பதில் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்று காது சொல்லும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எப்போது காணாமல் போனது என்று கேட்டால் போதும்: பாட்டி காய் வாங்கும்போதா, காசு கொடுக்கும்போதா, பேருந்து வந்தபோதா?